கண் மங்கி, காதுத் தோடு மட்டும் கூர்மையாக விழுந்தால்: ஆட்டோஃபோகஸ் சீரமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தங்கையின் வளைகாப்பு நாளில், முழுச்சட்டக டிஎஸ்எல்ஆர் கேமராவில் 85 மி.மீ. லென்ஸைப் பொருத்தி, f/1.8 திறப்பில், ஏறத்தாழ இரண்டரை மீட்டர் தொலைவிலிருந்து அவளுடைய முகத்தைப் படம் பிடித்தேன். ஃபோகஸ் புள்ளியைக் கண்ணின் மேல்தான் வைத்திருந்தேன். கேமராவும் ஃபோகஸ் கிடைத்துவிட்டதாக ஒலி எழுப்பி உறுதி செய்தது. ஆனால் அன்று இரவு கணினித் திரையில் நூறு சதவீத அளவில் பார்த்தபோது, இமை மயிர்கள் ஒன்றோடொன்று கரைந்து கிடந்தன. காதில் தொங்கிய ஜிமிக்கியின் முத்துகளையோ ஒவ்வொன்றாக எண்ண முடிந்தது. கை நடுங்கியிருக்கும் என்று எண்ணி அடுத்தடுத்த படங்களுக்கு ஷட்டர் வேகத்தைக் கூட்டினேன், மென்பொருளில் கூர்மையையும் ஏற்றினேன். இரண்டுமே தவறான மருந்து.

படம் மங்கலாகத் தெரிந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, சட்டகத்துக்குள் வேறு எந்த இடமாவது கூர்மையாக இருக்கிறதா என்பதே. கை நடுங்கியிருந்தால் எதுவுமே கூர்மையாக இராது, ஒளிப்புள்ளிகள் ஒரே திசையில் இழுபட்டிருக்கும். முகம் மங்கி, அதற்குச் சற்றுப் பின்னாலுள்ள காதோ தோள்பட்டையோ கூர்மையாக இருந்தால் அது பேக் ஃபோகஸ். கண் மங்கி மூக்கு நுனி கூர்மையாக இருந்தால் அது ஃப்ரண்ட் ஃபோகஸ். ஒரே படத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடவும் கூடாது. பத்துப் படங்களைப் பார்க்கையில் பிழை ஒரே பக்கமாகவே சாய்ந்திருந்தால்தான் அது சீரமைப்பால் தீரக்கூடிய குறை. சில படங்கள் முன்னாலும் சில பின்னாலும் விழுந்தால், நீங்களோ படம் எடுக்கப்பட்டவரோ அசைந்திருக்கலாம், அல்லது ஃபோகஸ் புள்ளி சரியான இடத்தைப் பற்றாமல் இருந்திருக்கலாம். அதற்குக் கேமரா மெனுவில் எந்தத் திருத்த மதிப்பைக் கொடுத்தாலும் பயன் இல்லை.

டிஎஸ்எல்ஆரில் இந்தப் பிழை எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொண்டால் பல தவறுகள் தாமாகவே விலகிவிடும். வ்யூஃபைண்டர் வழியாகப் பார்க்கும்போது, லென்ஸ் வழியாக வரும் ஒளியின் ஒரு பகுதி முதன்மைக் கண்ணாடியை ஊடுருவி, அதன் பின்னாலுள்ள சிறு கண்ணாடியில் பட்டு, கேமராவின் அடிப்பகுதியில் இருக்கும் ஃபோகஸ் சென்சாருக்குச் செல்கிறது. படத்தைப் பதியும் சென்சாரோ வேறோர் இடத்தில் இருக்கிறது. இந்த இரண்டு வழிகளின் நீளமும் துல்லியமாகச் சமமாக இருந்தால்தான், ஃபோகஸ் சென்சார் சரி என்று சொல்லும் இடமும் படத்தில் கூர்மையாக விழும் இடமும் ஒன்றாக இருக்கும். என் வளைகாப்புப் படங்களில் கூர்மை ஏறத்தாழ எட்டு சென்டிமீட்டர் பின்னால் விழுந்திருந்தது. 85 மி.மீ. லென்ஸில் இரண்டரை மீட்டர் தொலைவுக்கு இதைக் கணக்கிட்டால், கேமராவுக்குள் அந்த வேறுபாடு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர்தான். ஒரு சாதாரண ஏ4 தாளின் கனம் அது. கேமரா உடலும் லென்ஸும் தனித்தனியே தொழிற்சாலை அனுமதிக்கும் வரம்புக்குள் இருந்தாலும், இரண்டின் சிறு விலகல்களும் ஒரே பக்கம் சேர்ந்துவிட்டால் இவ்வளவு வந்துவிடும். அதனால்தான் ஒரு லென்ஸ் உங்கள் கேமராவில் பிழை காட்டி, நண்பரின் கேமராவில் சரியாக வேலை செய்கிறது. லென்ஸ் பழுது என்று அவசரப்பட்டு விற்றுவிடுவது இதனால் நேரும் பெரிய இழப்பு.

சாய்ந்த அளவுகோலின் மேலேயே ஃபோகஸ் செய்வது

பிழையை அளக்கப் பலரும் செய்வது, மேசையில் அளவுகோலைச் சாய்த்து வைத்து, அதன் நடுக்கோட்டில் ஃபோகஸ் செய்து படம் எடுப்பது. இந்தச் சோதனையை நம்பக் கூடாது. வ்யூஃபைண்டரில் நாம் காணும் சிறு சதுரத்தைவிட உண்மையான ஃபோகஸ் பரப்பு பெரும்பாலும் பெரியது. சாய்ந்த அளவுகோலில் அந்தப் பரப்புக்குள் அருகிலும் தொலைவிலும் உள்ள எண்கள் சேர்ந்தே வந்துவிடும், அவற்றுள் எதைக் கேமரா பற்றியது என்று நமக்குத் தெரியாது. ஃபோகஸ் செய்யும் இலக்கு கேமராவுக்கு நேர் எதிரே, சென்சாருக்கு இணையாக, தட்டையாக இருக்க வேண்டும். ஓர் அட்டைப்பெட்டியில் ஒட்டிய செய்தித்தாள் பக்கமே இதற்குப் போதும். அளவுகோலை அதன் பக்கத்தில், ஃபோகஸ் புள்ளிக்குள் வராதபடி, 45 பாகையில் சாய்த்து நிறுத்தி, அதன் நடு எண் இலக்கின் தளத்துக்கு நேராக வருமாறு வைக்க வேண்டும். கேமராவை முக்காலியில் பொருத்திக்கொள்ளுங்கள். அளவுகோல் சாய்ந்திருப்பதால் அதில் படிக்கும் தொலைவை 0.7-ஆல் பெருக்கினால்தான் உண்மையான ஆழம் கிடைக்கும். பதினொரு சென்டிமீட்டர் பின்னால் கூர்மை தெரிந்தால் பிழை ஏறத்தாழ எட்டு சென்டிமீட்டர்.

சோதனைத் தொலைவையும் திறப்பையும் மனம்போல் தேர்ந்தெடுப்பது அடுத்த தவறு. லென்ஸின் குவியத் தூரத்தைப் போல் 25 முதல் 50 மடங்கு வரையிலான தொலைவு பொதுவாகப் பின்பற்றப்படுகிறது, 85 மி.மீ. லென்ஸுக்கு அது ஏறத்தாழ இரண்டு முதல் நான்கு மீட்டர். நீங்கள் வழக்கமாக முகங்களைப் படம் பிடிக்கும் தொலைவு இதற்குள் இருந்தால் அதையே எடுத்துக்கொள்வது நல்லது. திறப்பு எப்போதும் லென்ஸின் மிகப் பெரிய திறப்பாகவே இருக்க வேண்டும். அதே 85 மி.மீ. லென்ஸில், இரண்டரை மீட்டரில், f/1.8-இல் கூர்மையாகத் தெரியும் ஆழம் மொத்தம் ஒன்பது சென்டிமீட்டர் அளவே. F/8-க்குப் போனால் அது நாற்பது சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். எட்டு சென்டிமீட்டர் பிழை அந்த நாற்பதுக்குள் முழுதாக மறைந்துகொள்ளும். பகல் வெளிச்சத்தில் f/8-இல் எடுத்த படங்கள் நன்றாக இருக்கின்றன, வீட்டுக்குள் எடுத்தவை மட்டும் சரியில்லை என்று சிலர் ஆண்டுக்கணக்கில் குழம்புவதற்கு இதுவே காரணம்.

ஒரே படத்தை நம்பி மதிப்பை மாற்றுவது

ஆட்டோஃபோகஸ் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் லென்ஸை ஒருமுறை முடிவிலிக்கும் மறுமுறை மிக அருகிலுள்ள தொலைவுக்கும் திருப்பிவிட்டு, பிறகு ஃபோகஸ் செய்ய வைக்க வேண்டும். எந்தத் திசையிலிருந்து வந்து நிற்கிறது என்பதைப் பொறுத்தும் இடம் சற்று மாறும். நான் பத்துப் படங்கள் எடுத்தேன். அளவுகோலில் எட்டு படங்கள் பத்துக்கும் பன்னிரண்டு சென்டிமீட்டருக்கும் இடையே பின்னால் விழுந்தன, இரண்டு விலகி நின்றன. நடுவில் குவிந்த எட்டையே கணக்கில் கொண்டேன். பிறகு கேமராவையும் இலக்கையும் அசைக்காமல் லைவ் வியூவுக்கு மாற்றி அதே இலக்கில் ஃபோகஸ் செய்தேன். லைவ் வியூவில் கேமரா படச் சென்சாரைக் கொண்டே ஃபோகஸை அறிவதால், மேலே சொன்ன இரு வழிப் பிரச்சினை அங்கே எழாது. அந்தப் படங்கள் நடு எண்ணிலேயே கூர்மையாக விழுந்தன. இந்த ஒப்பீட்டை விட்டுவிடவே கூடாது. லைவ் வியூவிலும் மங்கலாக இருந்தால் குறை லென்ஸின் ஒளியியலில் இருக்கிறது என்று பொருள், மெனுவில் எதைத் திருத்தியும் அது தீராது.

திருத்தும் வசதி கேனன் கேமராக்களில் `AF Microadjustment` என்றும், நிக்கான் கேமராக்களில் `AF fine-tune` என்றும் மெனுவில் இருக்கும். இரண்டிலும் −20 முதல் +20 வரை மதிப்புகள் உண்டு. கழித்தல் மதிப்பு கூர்மைத் தளத்தைக் கேமராவை நோக்கி முன்னே கொண்டுவரும், கூட்டல் மதிப்பு பின்னே தள்ளும். ஆகவே பேக் ஃபோகஸுக்குக் கழித்தல் மதிப்பு தேவை. ஒரு படி என்பது இத்தனை மில்லிமீட்டர் என்று நிலையான அளவு கிடையாது. லென்ஸையும் தொலைவையும் பொறுத்து அது மாறும். அதனால் ஒன்றொன்றாக ஏறிப் போகாமல், முதலில் பெரிய படியாக நகர்ந்து இரு பக்கத்தையும் பார்த்துவிடுவது எளிது. −10 வைத்தபோது கூர்மை மூன்று சென்டிமீட்டர் முன்னே வந்துவிட்டது. −5-இல் இன்னும் இரண்டரை பின்னால் இருந்தது. −7-இல் நடுவில் நின்றது. அந்த மதிப்பிலும் மீண்டும் பத்துப் படங்கள் எடுத்த பிறகே சேமித்தேன். கேனன் கேமராவில் `All by same amount` என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டால் உங்களிடமுள்ள எல்லா லென்ஸ்களும் ஒரே அளவு நகர்ந்துவிடும், சரியாக இருந்தவையும் கெட்டுப்போகும். `Adjust by lens` என்பதே வேண்டியது.

ஜூம் லென்ஸில் இது அவ்வளவு நேராக முடிவதில்லை. அகலக் கோணத்தில் ஒரு பிழையும் தொலைக் கோணத்தில் வேறொரு பிழையும் இருக்கக்கூடும். கேனன் 5டி மார்க் III போன்றவை இரண்டு முனைகளுக்கும் தனித்தனி மதிப்பை ஏற்கும். ஒரே மதிப்பு மட்டும் ஏற்கும் கேமராவில், நீங்கள் அதிகம் பயன்படுத்தும் குவியத் தூரத்துக்குச் சரிசெய்துவிட்டு மற்றதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். லென்ஸைக் கணினியோடு இணைக்கும் சிக்மா யுஎஸ்பி டாக்கை ஏற்கும் ஜூம் லென்ஸ்களில் நான்கு குவியத் தூரங்களுக்கும் நான்கு தொலைவுகளுக்குமாகப் பதினாறு மதிப்புகளை லென்ஸுக்குள்ளேயே எழுதலாம். பொறுமை இருப்பவர்களுக்கு அதுதான் நல்ல வழி.

இரவில் மஞ்சள் குண்டு பல்பின் கீழ்ச் சீரமைப்பதும் தவறு. சிவப்பு ஒளியும் நீல ஒளியும் லென்ஸுக்குப் பின்னால் மிகச் சற்றே வேறு இடங்களில் குவிவதால், விளக்கின் நிறம் மாறினால் ஃபோகஸ் முடிவும் மாறக்கூடும். சன்னலோரப் பகல் வெளிச்சத்தில், இலக்கு நன்கு ஒளிபெறும்படி வைத்துச் செய்யுங்கள்.

நம் பழக்கத்தின் பிழையைக் கேமராவின் மேல் ஏற்றுவது

மேலே சொன்னவற்றையெல்லாம் சரியாகச் செய்தவர்களும் விழும் குழி ஒன்று உண்டு. நடுப்புள்ளியில் கண்ணை ஃபோகஸ் செய்து, பொத்தானைப் பாதி அழுத்தியபடியே கேமராவைத் திருப்பிச் சட்டகத்தை மாற்றி அமைப்பது பலருக்கும் வழக்கம். கேமரா திரும்பும்போது கூர்மைத் தளமும் அதனோடு சுழல்கிறது. கண் இருந்த இடத்திலேயே இருக்க, தளம் அதன் பின்னால் போய்விடுகிறது. 50 மி.மீ. லென்ஸில் ஒன்றரை மீட்டர் தொலைவில் 15 பாகை திருப்பினால், கூர்மை ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் பின்னே நகரும். முழுச்சட்டகக் கேமராவில் f/1.8-இல் அந்தத் தொலைவில் கண்ணுக்கு முன்னும் பின்னும் கிடைக்கும் ஆழமும் பக்கத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் அளவுதான். இந்தப் பிழை எப்போதும் பின்பக்கமாகவே விழுவதால், பார்ப்பதற்கு அச்சு அசலாகப் பேக் ஃபோகஸ் போலவே இருக்கும். அதைப் பார்த்து −5 என்று மதிப்பைக் கொடுத்துவிட்டால், சட்டகத்தை மாற்றாமல் எடுக்கும் படங்கள் எல்லாம் ஃப்ரண்ட் ஃபோகஸ் ஆகிவிடும். முக்காலியில் சோதித்துப் பிழை இல்லை என்று தெரிந்தால், மெனுவைத் தொடாமல், கண்ணுக்கு அருகிலுள்ள ஃபோகஸ் புள்ளியைத் தேர்ந்தெடுத்து எடுக்கப் பழகுவதே தீர்வு.

மிரர்லெஸ் கேமராவில் ஃபோகஸைப் படச் சென்சாரே அளப்பதால், டிஎஸ்எல்ஆருக்குரிய இந்தச் சீரமைப்பு பொதுவாகத் தேவைப்படாது. டிஎஸ்எல்ஆரில் ஒரு லென்ஸுக்குக் கண்டறிந்த −7-ஐ, அடாப்டர் வழியாக மிரர்லெஸ் கேமராவில் பொருத்தும்போதும் கொடுக்க வேண்டும் என்று நினைப்பது தவறு. அந்த எண் அந்த உடலும் அந்த லென்ஸும் சேர்ந்த இணைக்கு மட்டுமே உரியது. உடலையோ லென்ஸையோ பழுது பார்த்துத் திரும்பப் பெற்றாலும் பழைய மதிப்பைச் சுழியாக்கிவிட்டுப் புதிதாகச் சோதிக்க வேண்டும்.

கேனன் 1500டி, நிக்கான் டி3500, டி5600 போன்ற தொடக்க நிலைக் கேமராக்களில் இந்த மெனுவே கிடையாது. அவற்றில் பிழை உறுதியானால், உடலையும் லென்ஸையும் சேர்த்தே சேவை மையத்துக்குக் கொடுக்க வேண்டும், கூடவே இலக்கும் அளவுகோலும் தெரியும் சோதனைப் படங்களையும் கொடுப்பது நல்லது. லென்ஸை மட்டும் தனியே கொடுத்தால், அவர்கள் தங்கள் சோதனை உடலில் பொருத்திப் பார்த்து, எல்லாம் வரம்புக்குள் இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிடக்கூடும். அதுவரை அசையாத முகங்களை லைவ் வியூவில் எடுத்துக்கொள்ளலாம்.