ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ சத்தம்: தறி மேல் பழி போட்ட கதையும் சரிசெய்த வழியும்

எங்கள் வீட்டுச் சுவருக்கு அக்கட்டால தறிக்குடோன். சோமனூர்ப் பக்கம் இதெல்லாம் சகஜம். அதனால் கல்யாண வீடியோ எடிட் செய்ய ஒரு ஜோடி மானிட்டர் ஸ்பீக்கர் வாங்கி மாட்டியதும் அடியில் ‘ம்ம்ம்ம்’ என்று ஒரு ரீங்காரம் வந்தபோது, தறி மோட்டார் வேலைதான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். மூன்று வாரம் பொறுத்தேன். ஒருநாள் பாவு இல்லாமல் தறி முழுக்க நின்றுவிட்டது, ரீங்காரம் மட்டும் நிற்கவில்லை.

சரி, எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்ப்போம். ஸ்பீக்கரை ஆன் செய்து, ஸ்பீக்கர் பக்கம் இருக்கும் ஆக்ஸ் ஒயரைப் பிடுங்குங்கள். அப்போதும் அதே சத்தம் வந்து, வால்யூமைத் திருகினாலும் கூடாமல் குறையாமல் இருந்தால் ஸ்பீக்கருக்குள்ளேயே கோளாறு. பெரும்பாலும் பவர் சப்ளை கெபாசிட்டர் போயிருக்கும், ரிப்பேர்க்காரரிடம் கொடுத்துவிடுங்கள். பிடுங்கியதும் சத்தம் நின்றுவிட்டால் வெளியே இருந்துதான் வருகிறது.

இந்த இடத்தில்தான் நான் ஒரு முழு நாளைத் தொலைத்தேன். ஸ்பீக்கர் பின்பக்கம் கை போகவில்லை என்று கம்ப்யூட்டர் பக்க முனையைப் பிடுங்கிவிட்டேன். ரீங்காரம் இன்னும் கூடியது. ஒயர் கெட்டுவிட்டது என்று புது ஒயர் வாங்கினேன், அதிலும் அதே கதை. விஷயம் என்னவென்றால், ஒரு முனை ஸ்பீக்கரில் இருக்க மறுமுனை சும்மா தொங்கினால் அந்த ஒயர் ஏரியல் மாதிரி ஆகி, அறையில் இருக்கிற 50 ஹெர்ட்ஸ் கரண்ட் சத்தத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். தொங்குகிற ஒயரை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். தொங்கும் முனையை உங்கள் மொபைலில் சொருகிப் பாருங்கள், சார்ஜரில் போடாமல், பேட்டரியில் மட்டும். சத்தம் இல்லையா? ஸ்பீக்கரும் நல்லது, ஒயரும் நல்லது. கம்ப்யூட்டரில் சொருகினால்தான் வருகிறது என்றால் அது எர்த் சுற்று, கிரவுண்ட் லூப் என்பார்கள். லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சுலபம், சார்ஜரைக் கழற்றியதும் சத்தம் போய்விட்டால் அதேதான்.

எனக்கு நடந்ததைச் சொன்னால் புரிந்துவிடும். கம்ப்யூட்டர் மேஜை பக்கத்துப் பிளக்கில். ஸ்பீக்கர், அதன் கரண்ட் ஒயர் நீளம் பத்தாமல், எதிர்ச்சுவரில் ஏசிக்காகப் பின்னால் தனியாக இழுத்த லைனில். இரண்டிலும் மூணு பின், இரண்டுக்கும் எர்த் உண்டு, ஆனால் வேறு வேறு தடத்தில் போகிற எர்த். எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து இரண்டு பிளக்கின் எர்த்துக்கும் நடுவில் மீட்டர் வைத்தார், 0.8 வோல்ட் காட்டியது. “இது ஒண்ணும் பண்ணாதுங்க தம்பி” என்றார். ஷாக் அடிக்காதுதான், ஆனால் கம்ப்யூட்டரிலிருந்து வருகிற பாட்டே ஏறக்குறைய ஒரு வோல்ட்தான் இருக்கும். ஆக்ஸ் ஒயரின் வெளிப்பின்னல் அந்த இரண்டு எர்த்தையும் சேர்த்துக் கட்டிவிடுகிறது, வித்தியாசத்துக்கு ஏற்ற கரண்ட் அந்தப் பின்னல் வழியாக ஓடுகிறது. பாட்டு திரும்பி வருகிற பாதையும் அதே பின்னல்தான். அதில் சில மில்லிவோல்ட் கலந்தாலே காதுக்குத் தெரிந்துவிடும்.

ஆகவே முதல் மருந்து: எல்லாவற்றையும் ஒரே சுவர்ப் பிளக்கிலிருந்து எடுங்கள். கம்ப்யூட்டர், மானிட்டர், ஸ்பீக்கர் மூன்றும் ஒரே ஜங்ஷன் பாக்ஸில். எனக்கு இதிலேயே முக்கால்வாசி சத்தம் போய்விட்டது. ஆனால் ஜங்ஷன் பாக்ஸ் வாங்கும்போது மேலே மூணு ஓட்டை இருக்கிறதா என்று மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், விலை குறைந்த பலவற்றில் உள்ளே இரண்டு கம்பி ஒயர்தான், எர்த் ஓட்டை வெறும் அலங்காரம். அப்படி எர்த்தே இல்லாமல் ஓட்டினால் கம்ப்யூட்டர் பவர் சப்ளைக்குள் இருக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் கேபினெட்டை ஏறக்குறைய பாதி வோல்டேஜுக்கு, அதாவது 115 பக்கம், தூக்கி வைத்துவிடும். வெறுங்காலோடு தொட்டால் சுருக்கென்று இருக்கும், டெஸ்டர் வைத்தால் எரியும். உங்களுக்கு அப்படி இருந்தால் ஸ்பீக்கரை மறந்துவிட்டு முதலில் எர்த்தைப் பாருங்கள். பாக்ஸ் சரியாக இருந்தும் சுருக்கென்றால் வீட்டு எர்த் குழியை எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சித்திரை வைகாசியில் மண் காய்ந்து குழி வேலை செய்யாமல் போவது உண்டு, தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கும்.

இன்னொன்று, யாராவது “எர்த் பின்னை உடைச்சு உடுங்க, நின்னுரும்” என்பார்கள். நிற்கும், சுற்று அறுந்துவிடுகிறதல்லவா. ஆனால் நாளைக்கு ஸ்பீக்கருக்குள் இன்சுலேஷன் போனால் அதன் தகர உடம்பில் 230 வோல்ட் நிற்கும், ஆக்ஸ் வழியாகக் கம்ப்யூட்டர் வரைக்கும் போகும். செய்யவே செய்யாதீர்கள்.

அடுத்து ஒயர் பாதை. மேஜைக்குப் பின்னால் எல்லா ஒயரையும் ஒரே கட்டாக டேக் போட்டு இறுக்கி வைத்திருந்தேன், பார்க்க அழகாக இருந்தது. ஆக்ஸ் ஒயரைப் பிரித்து, கரண்ட் ஒயரிலிருந்தும் அடாப்டரிலிருந்தும் ஒரு சாண் தள்ளி மேஜையின் மறு ஓரமாக விட்டேன். தாண்டித்தான் ஆக வேண்டிய இடத்தில் கூட்டல் குறி மாதிரி குறுக்காகத் தாண்டட்டும், கூடவே ஓட வேண்டாம். மிச்ச ஒயரை அடாப்டரைச் சுற்றிக் கட்டவும் வேண்டாம். இதில் ‘கிர்ர்’ என்ற சத்தம் சித்தெ குறைந்தது, அவ்வளவுதான், இதை மட்டும் நம்பி உட்காராதீர்கள்.

மிச்சமிருந்தது மவுஸை நகர்த்தினால் வருகிற ஒரு சன்னமான கீச்சொலி. அது கம்ப்யூட்டருக்குள்ளிருந்து எர்த் வழியாக வருவது. அதற்குத்தான் ஐசோலேட்டர், 300 முதல் 500 ரூபாய்க்குள் கிடைக்கும். உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்பார்மர், இடதுக்கு ஒன்று வலதுக்கு ஒன்று. பாட்டு காந்தமாக மாறித் தாண்டிவிடும், எர்த்துக்குப் பாலம் கிடையாது. கம்ப்யூட்டருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் ஆக்ஸ் ஒயரில் சொருகினால் போதும். நான் முதலில் வாங்கியது எதையும் மாற்றவில்லை. மீட்டரை பீப் சத்தத்தில் வைத்து ஒரு பக்கத்து ஜாக்கின் அடிவளையத்தையும் மறுபக்கத்து அடிவளையத்தையும் தொட்டேன், பீப் அடித்தது. உள்ளேயே இரண்டு எர்த்தையும் சேர்த்துவிட்டிருக்கிறார்கள். பீப் அடிக்காததுதான் சரியான ஐசோலேட்டர். இரண்டாவதாக வாங்கியதில் கீச்சொலி சுத்தமாகப் போய்விட்டது. குறை ஒன்று உண்டு, டிரான்ஸ்பார்மர் சின்னதாக இருப்பதால் சத்தமாக வைக்கும்போது தவில் அடி கொஞ்சம் மெலிகிறது. பாட்டு மிக்ஸைக் கடைசியாகக் கேட்கும்போது நான் அதைக் கழற்றிவிட்டு ஹெட்போனில் கேட்கிறேன்.

பின்சேர்க்கை: தாராபுரத்திலிருந்து ஒருவர், “என்னோடது யூஎஸ்பி ஸ்பீக்கருங்க, சுவர்ப் பிளக்கே கிடையாது, அப்புறம் எப்படிங்க லூப்?” என்று கேட்டிருந்தார். நல்ல கேள்வி. கரண்டுக்கு யூஎஸ்பி, பாட்டுக்கு ஆக்ஸ், இரண்டுமே அதே கம்ப்யூட்டரில் போய் முடிகின்றன. இரண்டு எர்த் பாதை வந்துவிட்டதே. யூஎஸ்பியை மட்டும் ஒரு பவர் பேங்க்கில் சொருகிப் பார்க்கச் சொன்னேன், நின்றுவிட்டதாம். பிறகு மொபைல் சார்ஜருக்கு மாற்றினார், அதில் லேசாக ‘ம்ம்’ வந்தது, வேறு சார்ஜரில் வரவில்லை. இன்னொருவர் ஐசோலேட்டர் போட்டதும் ஹெட்செட் மைக் வேலை செய்யவில்லை என்றார். வேலை செய்யாது, மைக்குக்கு ஜாக்கில் நாலு வளையம் வேண்டும், இதில் இருப்பது மூன்றுதான். ஹெட்செட்டை நேராகக் கம்ப்யூட்டரில் சொருகிக்கொள்ளுங்கள்.