பாலத்துக்குக் கணக்குப் போடும்போது சறுக்கும் இடங்கள்

ஆற்றுக்கு அக்கரையில் ஒரு ஊர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பாலம் கட்ட 10 கோடி ரூபாய் ஆகும். கட்டிவிட்டால் சுற்றிப்போகும் அரை மணி நேரம் மிச்சம். நாளுக்கு 1,500 பயணம், மணிக்கு 40 ரூபாய் மதிப்பு என்றால் வருடத்துக்கு 1 கோடியே 9.5 லட்சம். பராமரிப்புக்கு 9.5 லட்சத்தைக் கழித்தால் 1 கோடி நிற்கும். பாலம் 40 வருடம் நிற்கும். கட்டலாமா?

பலரும் முதலில் தடுக்கி விழுவது, வருங்காலப் பலனை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் காட்டும் கழிவு விகிதத்தில்தான். கடன் 10 சதவீத வட்டிக்குக் கிடைக்கிறது என்று அதையே எடுத்துப் போடுகிறார்கள். 40 வருடப் பலனின் இன்றைய மதிப்பு 9.78 கோடிதான் வருகிறது. செலவு 10 கோடி, ஆகவே பாலம் வேண்டாம் என்று கோப்பை மூடிவிடுகிறார்கள்.

ஆனால் அந்த 10 சதவீதத்துக்குள் பணவீக்கமும் அடங்கியிருக்கிறது. நாம் எழுதிய 1 கோடியோ எல்லா வருடமும் இன்றைய விலையிலேயே நிற்கிறது. பணவீக்கம் 5 சதவீதம் என்றால் 1.10-ஐ 1.05-ஆல் வகுக்க வேண்டும். உண்மை விகிதம் சுமார் 4.76 சதவீதம். இப்போது இன்றைய மதிப்பு 17.7 கோடி. அதே பாலம், அதே ஆறு, தீர்ப்பு மட்டும் தலைகீழ்.

எதிர்ப்பக்கத்திலும் இந்தத் தவறு நடக்கும். பலனை வருடா வருடம் 5 சதவீதம் ஏற்றிவிட்டு 4.76-ஆல் கழித்தால் 42 கோடி வரை ஊதிவிடும். சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு வழியிலும் போட்டுப் பாருங்கள்: இன்றைய விலையும் உண்மை விகிதமும் ஒரு முறை, ஏறும் விலையும் 10 சதவீதமும் இன்னொரு முறை. விடை ஒன்றாக வராவிட்டால் எங்கோ இரண்டும் கலந்திருக்கிறது. பிரிட்டன் நிதித்துறை சொல்லும் 3.5 சதவீதமும் பணவீக்கம் நீக்கிய விகிதம்தான். 30 வருடத்துக்குப் பின் வரும் பலனுக்கு அது 3 ஆகக் குறையும். அதை எடுத்து ஏறும் விலையோடு சேர்த்துவிடக் கூடாது.

அப்புறம், சமூகப் பலன் என்ற பெயரில் ஒன்றையே இரண்டு முறை எண்ணுவது. அக்கரையில் மனை விலை ஏறும், உண்மைதான். ஆனால் அது ஏறுவதே அரை மணி மிச்சமாவதால்தான். நேரத்தை எண்ணியாகிவிட்டது என்றால் மனை விலை உயர்வைக் கூட்டாதீர்கள். யாருக்கு ஆதாயம் என்று காட்டத் தனி அட்டவணை போடலாம், தொகையில் சேர்க்கக் கூடாது.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது கூலிக் கணக்கு. பாலம் கட்டுகிறவர்களுக்குப் போகும் 3 கோடிக் கூலியைப் பலன் பக்கத்தில் எழுதிவிடுகிறார்கள். அது அந்த 10 கோடிச் செலவில் ஏற்கெனவே இருக்கும் பணம். அவர்களில் பலர் வேலையில்லாமல் இருந்தவர்கள் என்றால் கூலியைப் பலனாக்க வேண்டாம். இந்த வேலை இல்லாவிட்டால் அவர்கள் வேறு எங்கே எவ்வளவு சம்பாதித்திருப்பார்களோ, செலவுப் பக்கத்தில் 3 கோடிக் கூலிக்குப் பதிலாக அந்தத் தொகையை மட்டும் எழுதுங்கள். அது 1 கோடிதான் என்றால் பாலத்தின் உண்மைச் செலவு 8 கோடி.