நெகட்டிவ் மார்க்: எப்போது ஊகிக்கலாம்?

நான்கு விடைகளில் சரிக்கு 1, தவறுக்கு 1/3 கழிவு என்றால், கண்ணை மூடி ஊகிப்பதில் சராசரியாக லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஒரு விடையை உறுதியாக நீக்கினால் சராசரி லாபம் 1/9, இரண்டை நீக்கினால் 1/3. கழிவு 1/2 என்றால் கதை வேறு: ஒன்றை நீக்கினாலும் பூஜ்ஜியம்தான், இரண்டை நீக்கினால்தான் தொடலாம்.

சரி, எப்படி நீக்குவது? நிதிக் கணக்குகளில் திசையை முதலில் பாருங்கள். முகமதிப்பு 1000, ஆண்டுக் கூப்பன் வட்டி 8%, சந்தை வருவாய் 10%, 5 ஆண்டுப் பத்திரம். விலை 924, 962, 1000, 1080 இவற்றில் எது?

வருவாய் கூப்பனைவிட அதிகம், ஆகவே விலை 1000-க்குக் கீழே. இரண்டு விடைகள் போயின. (1080 என்பது இரண்டு விகிதங்களையும் மாற்றிப் போட்டால் வருவது. இப்படிப்பட்ட பொறி அடிக்கடி இருக்கும்.) அப்புறம், கூப்பன் தருவது 80, சந்தை கேட்பது 100. ஆண்டுக்கு 20 வீதம் 5 ஆண்டில் 100 குறைகிறது, இன்றைய மதிப்பில் அது முக்கால் பங்கு, சுமார் 76. 962-க்கு 38 மட்டுமே குறைகிறது, ஆகவே 924.

ஆனால் "இது ஏதோ சரியில்லை" என்ற உணர்வை நீக்கலாகக் கணக்கிடாதீர்கள். ஏன் தவறு என்று ஒரு வரியில் சொல்ல முடியாவிட்டால், அந்த விடை இன்னும் போட்டியில்தான் இருக்கிறது.