பம்ப்ஸ் என்றால் ஷூவா, மோட்டாரா? எம்பெடிங் வைத்து கேட்டகரி பொருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சப்ளையர் அனுப்பும் ஃபீடில் “product type” என்று ஒரு நெடுவரிசை இருக்கும், மார்க்கெட்பிளேஸிடம் சில ஆயிரம் கேட்டகரிகள் கொண்ட ஒரு மரம் இருக்கும். இரண்டையும் எம்பெடிங் ஆக்கி, அதாவது அர்த்தத்தைக் குறிக்கும் எண் வரிசையாக மாற்றி, எது எதற்குப் பக்கத்தில் இருக்கிறதோ அதோடு முடிச்சுப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறோம். முதல் நாள் ரிசல்ட் அழகாகவே இருக்கும். தவறுகள் எங்கே ஒளிந்திருக்கின்றன என்பதை ஒரே ஒரு வார்த்தையை வைத்துக் காட்டுகிறேன்: `Pumps`.

ஒரு மொத்த சப்ளையர் பல பிராண்டுகளின் சரக்கை ஒரே ஃபீடில் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் `Pumps` என்ற டைப்பின் கீழ் 340 பொருட்கள். பாதிக்கு மேல் ஹீல்ஸ் வைத்த பெண்கள் ஷூ, மீதியில் பெரும்பகுதி தண்ணீர் மோட்டார், கொஞ்சம் தாய்ப்பால் எடுக்கும் கருவி. மரத்துக்கு கூகுளின் பொதுவான பொருள் கேட்டகரிப் பட்டியலையே எடுத்துக்கொள்ளலாம், அது யாரும் இறக்கிக்கொள்ளக்கூடிய ஒரு டெக்ஸ்ட் ஃபைல். அதில் இந்த மூன்றுக்கும் உரிய இடங்கள் இப்படி இருக்கும்:

```
Apparel & Accessories > Shoes
Hardware > Hardware Pumps
Baby & Toddler > Nursing & Feeding > Breast Pumps
```

`Pumps` என்ற டைப் பெயரை மட்டும் எம்பெடிங் செய்து தேடினால் என்ன ஆகும்? இரண்டாவதும் மூன்றாவதும் மேலே வந்து நிற்கும், ஷூ எங்கோ கீழே கிடக்கும். 340 பொருளும் ஒரே அடியாக ஹார்ட்வேர் பக்கம் போய்விடும். இதில் மாடல் மேல் தப்பே இல்லை. சப்ளையரின் டைப் என்பது ஒரு பொருளின் பெயர் அல்ல, அவர் கிடங்கில் ஒரு கூடைக்கு ஒட்டிய சீட்டு. சீட்டைப் படித்துவிட்டு உள்ளே இருப்பதைப் பார்க்காமல் முடிவு செய்வதுதான் முதல் தவறு, நான் பார்த்தவரை மிகப் பெரிய தவறும் அதுதான்.

கூடைக்குள் கை விட வேண்டும். அந்த டைப்பிலிருந்து 40 பொருட்களை எடுத்து, ஒவ்வொன்றின் தலைப்பையும் தனித்தனியாகத் தேடி, எந்தக் கேட்டகரிக்கு எத்தனை ஓட்டு விழுகிறது என்று பாருங்கள்.

```python
votes = Counter()
for p in random.sample(products, 40):
    hits = search("query: " + p.title, k=10)
    votes[hits[0].category_id] += 1
```

`random.sample` என்பது முக்கியம். ஃபீடுகள் பெரும்பாலும் பிராண்ட் வாரியாக அடுக்கி வரும், முதல் 40 வரியை எடுத்தால் நாற்பதும் ஒரே கம்பெனியின் ஷூவாக இருந்து, ‘ஆஹா, நூற்றுக்கு நூறு’ என்று ஏமாந்துபோவோம். ஓட்டு 25, 11, 4 என்று பிரிந்தால், அந்த டைப்புக்கு ஒற்றைக் கேட்டகரி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று அர்த்தம். பெரும்பான்மைக்குக் கொடுத்துவிடலாம் என்று தோன்றும், செய்யாதீர்கள். டைப்போடு பிராண்டையும் சேர்த்து ஒரு சாவியாக வைத்துப் பிரித்துப் பாருங்கள்; ஷூ செய்பவர் மோட்டார் செய்வது அபூர்வம் என்பதால் பெரும்பாலும் சுத்தமாகப் பிரிந்துவிடும். பிரியாதவற்றைப் பொருள் பொருளாகத்தான் பொருத்த வேண்டும்.

சரி, அடுத்து மரத்தின் பக்கம். மேலே உள்ள முதல் வரியை இன்னொரு முறை பாருங்கள். கூகுள் பட்டியலில் `Shoes` கீழே எதுவும் கிடையாது, கிளை அங்கேயே முடிகிறது. பூட்ஸ், செருப்பு, ஹீல்ஸ், பம்ப்ஸ் எல்லாமே அந்த ஒரே இலையில்தான். ஆனால் அந்த இலையின் பெயரிலோ முழுப் பாதையிலோ ‘பம்ப்ஸ்’ என்ற வார்த்தையே இல்லை. தலைப்பில் சூயட், ஹீல் என்று ஏதாவது இருந்தால் மாடல் பிடித்துக்கொள்ளும். `Pumps black 5 cm 38` என்று வறண்ட தலைப்பு வந்தால் மறுபடியும் மோட்டார் பக்கம்தான் ஓடும்.

இலைப் பெயரை மட்டும் எம்பெடிங் செய்யக்கூடாது, முழுப் பாதையையும் சேர்க்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். அது போதாது என்பதுதான் இங்கே விஷயம். ஏற்கெனவே மனிதர்கள் சரிபார்த்து அந்தக் கேட்டகரியில் வைத்த பொருட்களின் தலைப்புகள் இருந்தால் அவையே சிறந்த விளக்கம். இலைக்கு ஒன்று என்றில்லாமல் பல வெக்டர்களாக அவற்றை வைத்து, எது மிக நெருக்கமோ அதன் ஸ்கோரை எடுங்கள். எல்லாவற்றையும் சராசரி ஆக்கி ஒரே வெக்டராகச் சுருக்குகிறவர்கள் உண்டு. பூட்ஸையும் செருப்பையும் ஹீல்ஸையும் சராசரி எடுத்தால் எதற்குமே உண்மையில் பக்கத்தில் இல்லாத ஒரு நடுப்புள்ளிதான் கிடைக்கும், அகலமான கேட்டகரிகளை இது கெடுத்துவிடும். பழைய பொருட்கள் கையில் இல்லையென்றால் அந்த இலையில் என்னென்ன வரும் என்று ஒரு வரி கையால் எழுதிச் சேர்த்தாலே நிறைய வித்தியாசம் தெரியும்.

அப்புறம் ஸ்கோர். ‘0.8-க்கு மேல் இருந்தால் தானாகவே ஏற்றுக்கொள்’ என்ற விதி எங்கிருந்தோ எல்லா புராஜெக்டிலும் வந்து உட்கார்ந்துவிடுகிறது. E5 குடும்பத்து எம்பெடிங் மாடல்களில் கொசைன் ஸ்கோர் பெரும்பாலும் 0.7-க்கும் 1-க்கும் நடுவில்தான் விழும், அதைப் பயிற்றுவித்த விதம் அப்படி. அங்கே 0.8 என்பது சம்பந்தமே இல்லாத ஜோடிக்கும் வரலாம். அதே எண்ணை வேறு மாடலில் வைத்தால் நல்ல பொருத்தங்கள்கூட வடிகட்டப்பட்டுவிடும். இதே மாடல்களுக்குத் தேடும் வாக்கியத்தின் முன்னால் `query: ` என்றும், தேடப்படும் பக்கத்துக்கு `passage: ` என்றும் போட வேண்டும். மறந்தால் எரர் எதுவும் வராது, தரம் மட்டும் சத்தமில்லாமல் இறங்கும்.

எண்ணைத் தனியாகப் பார்ப்பதைவிட முதல் இடத்துக்கும் இரண்டாம் இடத்துக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள், அதிலும் அந்த இரண்டும் மரத்தில் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். `Hardware Pumps` கீழே கிணற்று மோட்டாருக்கு ஒரு இலை, கழிவுநீர் மோட்டாருக்கு ஒரு இலை என்று அண்ணன் தம்பிகள் உண்டு. இவை இரண்டும் நெருக்கமாக வந்தால் சின்னச் சந்தேகம்தான், தவறினாலும் பொருள் ஹார்ட்வேரை விட்டு வெளியே போகாது. ஷூவும் மோட்டாரும் நெருக்கமாக வந்தால் அது ஒரு மனிதர் கட்டாயம் பார்க்க வேண்டிய வரிசை. இடைவெளி ஒன்றேதான், ஆபத்து வேறு வேறு.

சோதிப்பதிலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. 200 டைப்களைக் கையால் குறித்து, 180 சரி என்றால் 90 சதவீதம் என்று எழுதிவிடுகிறோம். தவறிய 20-ல் `Pumps` போல 340 பொருட்கள் கொண்ட கூடை ஒன்று இருந்தால்? டைப் கணக்கோடு பொருள் கணக்கையும் போடுங்கள். அதற்கும் முன்னால், சரியான கேட்டகரி முதல் 10-க்குள்ளாவது வருகிறதா என்று தனியாக அளந்துவிடுங்கள். பத்துக்குள்ளேயே இல்லாததை, பின்னால் எவ்வளவு நல்ல ரீரேங்கரைப் போட்டு வரிசையை மாற்றினாலும் மேலே கொண்டுவர முடியாது. அப்போது சரிசெய்ய வேண்டியது இலைகளின் விளக்கத்தை.

கடைசியாக ஒன்று. மரம் மாறும். கூகுள் ஃபைலின் முதல் வரியிலேயே பதிப்புத் தேதி இருக்கும், உங்கள் மார்க்கெட்பிளேஸும் ஏதாவது ஒரு விதத்தில் பதிப்பைச் சொல்லும். அதை ஒவ்வொரு முடிச்சோடும் சேமித்து வையுங்கள், கேட்டகரிப் பெயரோடு ஐடியையும் சேர்த்து. புதுப் பதிப்பு வந்ததும் பழைய ஐடிகளோடு ஒப்பிட்டு, காணாமல் போனவை, புதிதாகக் கிளை பிரிந்தவை ஆகிய இரண்டையும் மட்டும் மறுபடி ஓட்டினால் போதும். ஷூ இலை நாளை நான்காகப் பிரிந்தால், அந்த 340-ல் இருக்கும் ஷூக்கள் எல்லாம் மீண்டும் வரிசையில் வந்து நிற்க வேண்டும்.