ஆல்பம் மெயிலில் "பேக்கிரவுண்ட் எடிட்டிங் உண்டு" என்று ஒரே வரியில் எழுதி விடாதீர்கள்

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு கல்யாணப் படம் எடுக்கிறேன். சில வருடம் முன்னால் ஓர் ஆவணி முகூர்த்தத்தை எடுத்து முடித்தபின், ஆல்பத்தில் என்னென்ன அடங்கும் என்று மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் மெயில் அனுப்பினேன். பேக்கிரவுண்ட் பற்றி அதில் இருந்தது இவ்வளவுதான்: "30 ஷீட் ஆல்பம், கலர் கரெக்‌ஷன், பேக்கிரவுண்ட் எடிட்டிங் உண்டு."

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. 63 படங்களுக்குத் திருத்தம் கேட்டிருந்தார்கள். மண்டபச் சுவரில் தொங்கும் தீயணைப்பு சிலிண்டரை எடுக்க வேண்டும். தாலி கட்டும் படத்தில் பின்னால் போனை உயர்த்திப் பிடித்திருக்கும் ஆளை எடுக்க வேண்டும். குறுக்குத்துறைப் படித்துறையில் எடுத்த படத்தில் வானம் சிவக்க வேண்டும். வீட்டு வாசலில் நின்ற படத்துக்குப் பின்னால் நெல்லையப்பர் கோயில் கோபுரம் வர வேண்டும். நான் போனில் இழுத்துப் பேசியதும் மாப்பிள்ளை கேட்டார்: "எடிட்டிங் உண்டுன்னு நீங்கதான அண்ணாச்சி எழுதியிருந்தீங்க?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. தப்பு என் மெயிலில் இருந்தது. இந்தத் தொழிலில் இருக்கும் தம்பிமார் பலர் இன்றும் அதே வரியைத்தான் அனுப்புகிறார்கள்.

முதல் தவறு, மூன்று வேலைக்கு ஒரே பெயர் வைப்பது. பின்னணியில் நாம் செய்வது மூன்று வகை. இருப்பதை அழிக்கிறோம், இல்லாத இடத்துக்கு நீட்டுகிறோம், முழுக்க வேறொன்றாக மாற்றுகிறோம். மூன்றுக்கும் ஆகும் நேரம் வேறு, முடியும் முடியாது என்பதும் வேறு. கல்யாண வீட்டாருக்கு இது தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. மெயிலில் பிரித்து எழுத வேண்டியது நாம்தான்.

அழிப்பதைப் பொறுத்தவரை, ஒரு பொருள் எவ்வளவு பெரிது என்பதைவிட, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதுதான் கணக்கு. வெறும் சுண்ணாம்புச் சுவரில் சிலிண்டர் பெரிதாகவே தெரிந்தாலும் சில நிமிட வேலை. பக்கத்துச் சுவரையே எடுத்து அதன்மேல் பூசிவிடலாம். போன் பிடித்த ஆள் அப்படி இல்லை. அவர் முழங்கை பெண்ணின் மல்லிகைச் சரத்துக்குப் பின்னால் போகிறது. பூவுக்கும் பூவுக்கும் நடுவே அவர் சட்டை தெரிகிறது. அந்த நொடியில் அட்சதை வேறு காற்றில் பறக்கிறது. ஒவ்வொரு அரிசியைச் சுற்றியும் அவர் சட்டையின் நீலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவரை எடுத்தால் அந்த இடத்தில் எதை வைப்பது?

அதற்கு ஒரு வழி உண்டு. தாலி கட்டும்போது நாம் அடுத்தடுத்துப் பல படங்களைத் தட்டுகிறோம். அதே இடத்தில் நின்று எடுத்த அடுத்த படத்தில் அந்த ஆள் கொஞ்சம் நகர்ந்திருந்தால், அவர் மறைத்த இடம் அதில் திறந்திருக்கும். அந்தத் துண்டை எடுத்து இதில் ஒட்டலாம். அப்படி ஒரு படம் இல்லையென்றால் ஊகித்து வரைய வேண்டியதுதான். போனில் பார்த்தால் சரியாக இருக்கும். 12 அங்குல உயரத்துக்கு அச்சடித்து மடியில் வைத்துப் பார்க்கும்போது மல்லிகை ஓரத்தில் திட்டு தெரியும். அந்தத் தாலிப் படத்துக்கு நல்ல பக்கத்துப் படம் கிடைத்தது, செய்து கொடுத்தேன். அதே முகூர்த்தத்தில் மாலை மாற்றும் படத்துக்குக் கிடைக்கவில்லை. முடியாது என்று சொல்ல வேண்டியதாயிற்று. இந்த நிபந்தனையை முதல் மெயிலிலேயே எழுதியிருந்தால் இரண்டாவது பதில் அவர்களுக்கு ஏமாற்றமாக இருந்திருக்காது.

அழித்ததைச் சரிபார்க்கும் இடத்திலும் கோட்டை விட்டிருக்கிறேன். குறுக்குத்துறையில் எடுத்த படத்தில் ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் ஒருவர் குளித்துக்கொண்டிருந்தார். ஆளை எடுத்துவிட்டேன். தண்ணீரில் விழுந்த அவர் நிழலை விட்டுவிட்டேன். டிசைனைப் பார்த்த பெண்ணின் அம்மாதான் கண்டுபிடித்தார்கள். ஆள் இல்லாமல் தலைகீழாக ஒரு தலை மட்டும் தாமிரபரணியில் மிதந்தது. சுவரில் விழும் நிழல், கண்ணாடிக் கதவில் தெரியும் உருவம், ஒரே செங்கல் விரிசல் இரண்டு இடத்தில் திரும்பி வருவது ஆகியவற்றைத் தேடிப் பார்க்கச் சொல்லி இப்போது மெயிலிலேயே எழுதிவிடுகிறேன். நம் கண் பழகிப்போயிருக்கும். புதிதாகப் பார்க்கிறவர்கள் பிடித்துவிடுவார்கள்.

மேடைக்குப் பின்னால் எல்.இ.டி. சுவர் வைத்திருந்தால் இன்னொன்றும் உண்டு. அந்தத் திரை மினுங்கும் வேகமும் கேமரா ஷட்டரின் வேகமும் ஒத்துப்போகாவிட்டால் படத்தில் குறுக்கே பட்டை பட்டையாக வரி விழும். அது முகத்துக்குப் பின்னாலும் முடி இழைகளுக்கு நடுவேயும் ஓடும். எடுக்கும்போது ஷட்டரைக் குறைத்துத் தவிர்க்க வேண்டிய கோளாறு அது. எடிட்டிங்கில் சரியாகிவிடும் என்று யாரும் வாக்குக் கொடுக்கக் கூடாது.

இரண்டாவது தவறு, நீட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதாமல் விடுவது. என் அனுபவத்தில் அதிகச் சண்டை வருவது இதில்தான். 12க்கு 36 ஆல்பத்தில் ஒரு ஷீட்டை விரித்தால் உயரம் 12 அங்குலம், அகலம் 36 அங்குலம். உயரத்தைப்போல மூன்று மடங்கு அகலம். கேமராவில் வரும் படமோ உயரத்தைப்போல ஒன்றரை மடங்குதான் அகலம். "இந்த ஒரு படத்தை ஷீட் முழுக்கப் போடுங்க" என்று கேட்கிறார்கள் என்று வையுங்கள். 36 அங்குல அகலத்துக்குப் படத்தைப் பெரிதாக்கினால் உயரம் 24 அங்குலம் ஆகிவிடும். அதில் பாதியை வெட்ட வேண்டும். தலைப்பாகையோ பட்டுப்புடவைக் கரையோ போய்விடும். வெட்டாமல் 12 அங்குல உயரத்துக்கு வைத்தால் அகலம் 18 அங்குலம்தான் வரும். மீதி 18 அங்குலம், பக்கத்துக்கு ஒன்பது ஒன்பதாக, நாம் உண்டாக்க வேண்டும்.

ஆற்றுத் தண்ணீர், வானம், வயல், வெறும் சுவர் என்றால் அந்த ஒன்பது அங்குலத்தை நீட்டிவிடலாம். மண்டபத் தூண், கோலம், வரிசையாக உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர்கள் என்றால் முடியாது. பாதியில் வெட்டுப்பட்ட பெரியம்மாவின் மறுபாதி முகத்தை யாரும் வரைந்து தர முடியாது. ஷீட்டின் நடுவில் மடிப்பு வருவதால் முகத்தை அங்கே வைக்கவும் கூடாது. மணமக்களை ஒரு பக்கமாகத் தள்ளினால், மறு பக்கம் ஒன்பதுக்கும் அதிகமாக நீட்ட வேண்டிவரும். இந்தக் கணக்கை மூன்று வரியில் எழுதி, எந்த மாதிரிப் படங்கள் முழு ஷீட்டுக்குத் தாங்கும் என்றும் சொல்லிவிட்டால், அவர்களே அதற்குத் தக்க படத்தைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள்.

மாற்றுவது மூன்றாவது. வாசல் படத்துக்குப் பின்னால் கோபுரம் கேட்டார்களே, அதை முயன்று பார்த்தேன். கோபுரத்தை நாம் கீழே நின்று அண்ணாந்து எடுக்கிறோம். மணமக்களை மார்பு உயரத்தில் கேமராவை வைத்து நேராக எடுத்திருக்கிறோம். இரண்டையும் சேர்த்தால், காலண்டரை முதுகில் மாட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. வானமும் அப்படித்தான். காலைப் பத்து மணி வெயில் முகத்தில் அடிக்கும்போது பின்னால் அந்திச் சிவப்பை வைத்தால் எதுவோ சரியில்லை என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். போதாததற்கு ஆற்றுத் தண்ணீரில் பழைய வெள்ளை வானமே தெரிந்துகொண்டிருக்கும். அதனால் இப்போது மாற்றுவதை பேக்கேஜில் சேர்ப்பதில்லை. வெளுத்துப்போன வானத்துக்கு நிறம் ஏற்றுவது மட்டும் உண்டு என்று எழுதுகிறேன்.

இதற்கெல்லாம் மேலே நான் மிகவும் வருந்திய தவறு ஒன்று உண்டு. அந்த 63இல் ஒரு படத்துக்கு, "இடது ஓரம் துண்டு போட்ட பெரியவர் வேண்டாம்" என்று மாப்பிள்ளை எழுதியிருந்தார். நானும் எடுத்துவிட்டேன். டிசைனைப் பார்த்த பெண் போன் பண்ணி அழுதது. அவர் அந்தப் பெண்ணின் தாய்மாமன். நம் பக்கத்துக் கல்யாணத்தில் தாய்மாமனை மேடையில் இருந்து அழிப்பது என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மாப்பிள்ளைக்கு அவரை அடையாளம் தெரியவில்லை, வேறொன்றும் இல்லை. திருத்திக் கொடுத்தேன். ஆனாலும் கேட்காமல் செய்தது என் பிழை. சமையல்காரர், லைட் பிடிக்கிற பையன், எங்கள் வீடியோக்காரர் இவர்களை மட்டும்தான் நானாக அழிப்பேன். வேறு யாராக இருந்தாலும் இரண்டு வீட்டாரும் எழுத்தில் சொல்ல வேண்டும்.

இப்போது நான் அனுப்பும் மெயிலில் அந்தப் பகுதி இப்படி இருக்கிறது:

"வணக்கம். உங்கள் ஆல்பம் 30 ஷீட். பின்னணியில் கீழ்க்கண்ட வேலைகள் பேக்கேஜில் அடங்கும்.

அழிப்பது: 40 படங்கள் வரை. சுவிட்ச் போர்டு, வயர், சிலிண்டர், தண்ணீர் பாட்டில், ஓரத்தில் தெரியும் நாற்காலி போன்றவை. மாலை, பூ, முடி, அட்சதை இவற்றுக்குப் பின்னால் இருப்பதை அழிக்க, அதே இடத்தில் எடுத்த இன்னொரு படம் வேண்டும். இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.

நீட்டுவது: 4 ஷீட் வரை. ஆறு, வானம், வயல், வெறும் சுவர் பின்னணியாக உள்ள படங்கள் மட்டும்.

மாற்றுவது: பேக்கேஜில் இல்லை. வானத்தின் நிறத்தைக் கூட்டித் தருவேன்.

சொந்தக்காரர் யாரையாவது எடுக்க வேண்டும் என்றால் நீங்கள் இருவரும் சேர்ந்து இந்த மெயிலுக்கே பதில் எழுதுங்கள்.

திருத்தம் வேண்டிய படத்தை அதன் நம்பரோடு, எந்தப் பக்கம், எந்தப் பொருள் என்று எழுதுங்கள். உதாரணம்: 2417, வலது ஓரம், சிவப்பு சிலிண்டர். டிசைனை போனில் பார்க்காமல் லேப்டாப்பிலோ டிவியிலோ பெரிதாகப் பாருங்கள், வீட்டுப் பெரியவர்களுக்கும் காட்டுங்கள். நீங்கள் சம்மதம் சொன்னபின் ஷீட் அச்சுக்குப் போய்விடும். அதன்பின் ஒரு ஷீட்டை மாற்ற வேண்டும் என்றாலும் ஆல்பத்தைப் பிரித்துத் திரும்ப பைண்டிங் செய்ய வேண்டும். அந்தச் செலவு உங்களுடையது."

எண்ணிக்கையை உங்கள் விலைக்கும் நேரத்துக்கும் தக்கபடி வைத்துக்கொள்ளுங்கள். எண்ணே இல்லாமல் மட்டும் அனுப்ப வேண்டாம். "தேவையான படங்கள்" என்று எழுதினால் எல்லாப் படமும் அவர்களுக்குத் தேவையானதுதான்.

போன தையில் அம்பாசமுத்திரத்து ஜோடி ஒன்றுக்கு இதே மெயில் போனது. மூன்றாம் நாள் பதில் வந்தது. 22 நம்பர்கள், ஒவ்வொன்றுக்கும் நேரே பக்கமும் பொருளும் எழுதியிருந்தது. முழு ஷீட்டுக்கு வயல் நடுவில் எடுத்த படத்தைக் கேட்டிருந்தார்கள். கடைசி வரியில், ஓரத்தில் நிற்கும் ஆச்சியின் பெயரைப் போட்டு, அவர்கள் நிற்கும் படம் எதிலும் கை வைக்க வேண்டாம் என்று இருவரும் சேர்ந்து எழுதியிருந்தார்கள்.