ஷோரூம் விலையிலிருந்து சாலை வரி வரை: புதிய காருக்கான கணக்கை நீங்களே போட்டுப் பார்ப்பது எப்படி

தமிழ்நாட்டில் சொந்தப் பயன்பாட்டுக்குப் புதிய கார் வாங்குபவர் கட்டும் சாலை வரி, வண்டியின் விலையில் இத்தனை விழுக்காடு என்று கணக்கிடப்பட்டு, பதிவின்போதே ஒரே தவணையில் வசூலிக்கப்படுகிறது. ஆண்டுதோறும் கட்ட வேண்டிய தேவை இல்லாததால் இதற்கு ஆயுட்கால வரி என்று பெயர். ஆன்-ரோடு விலையில் ஷோரூம் விலைக்கு அடுத்த பெரிய தொகை பெரும்பாலும் இதுதான் என்றாலும், முகவர் தரும் விலைத்தாளில் அது “ஆர்டிஓ செலவு” என்ற ஒற்றை வரியில் மற்ற கட்டணங்களோடு கலந்து கிடக்கும். அந்த வரியைப் பிரித்துப் படிக்கத் தெரிந்தால் போதும். கணக்கில் கடினமானது எதுவும் இல்லை.

படி 1: எந்த விலை என்பதை முடிவு செய்தல்

வரி கணக்கிடப்படுவது எக்ஸ்-ஷோரூம் விலையின் மீது. இந்த விலைக்குள் ஜிஎஸ்டி ஏற்கெனவே அடங்கியிருக்கிறது என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் இது முக்கியமாகிறது. காப்பீடு, கூடுதல் உத்தரவாதம், இருக்கை உறை, தரைவிரிப்பு போன்ற துணைப்பொருட்கள் இந்த விலையில் சேராது, ஆகவே அவற்றுக்குச் சாலை வரியும் கிடையாது. ஆன்-ரோடு விலையை எடுத்துக்கொண்டு அதில் விழுக்காடு போட்டுப் பார்த்துவிட்டு, முகவர் சொன்ன தொகை குறைவாக இருக்கிறதே என்று குழம்புபவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வரிக்கும் காப்பீட்டுக்கும் சேர்த்து வரி போட்டுவிடுகிறார்கள்.

படி 2: அடுக்கைக் கண்டறிதல்

நவம்பர் 2023 முதல் நடைமுறைக்கு வந்த விகிதங்களின்படி, 5 லட்சம் ரூபாய் வரையிலான காருக்கு 12 விழுக்காடு, அதற்கு மேல் 10 லட்சம் வரை 13, அதற்கு மேல் 20 லட்சம் வரை 18, அதையும் தாண்டினால் 20 விழுக்காடு. இருசக்கர வாகனங்களுக்கு 1 லட்சம் வரை 10 விழுக்காடும் அதற்கு மேல் 12 விழுக்காடும் வசூலிக்கப்படுகின்றன. மோட்டார் வாகன வரி அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலில் இருப்பதால், ஒவ்வொரு மாநிலமும் தனக்கென்று ஓர் அடுக்கு முறையை வைத்திருக்கிறது. பெங்களூருவில் வாங்கிய நண்பரின் கணக்கு சென்னையில் பொருந்தாததற்குக் காரணம் இதுவே.

படி 3: பெருக்குதல்

இந்த இடத்தில்தான் தொடக்கக்காரர்கள் பெரும்பாலும் தவறுகிறார்கள். வருமான வரியில் ஒவ்வோர் அடுக்குக்குள் விழும் பகுதிக்கு மட்டும் அந்த அடுக்கின் விகிதம் பொருந்தும். அந்தப் பழக்கத்தில், முதல் 5 லட்சத்துக்கு 12 விழுக்காடு, அடுத்த 5 லட்சத்துக்கு 13 என்று பிரித்துப் போட்டுவிடுகிறார்கள். சாலை வரி அப்படிச் செயல்படுவதில்லை. விலை எந்த அடுக்கில் விழுகிறதோ, அந்த அடுக்கின் விகிதம் முழு விலைக்கும் பொருந்தும்.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டில் பார்ப்போம். ஒரே மாடலில் இரண்டு வகைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம்: ஒன்றின் எக்ஸ்-ஷோரூம் விலை 9,95,000 ரூபாய், பெரிய திரையும் பின்புறக் கேமராவும் கொண்ட மற்றொன்றின் விலை 10,20,000 ரூபாய்.

```
9,95,000 × 13% = 1,29,350
10,20,000 × 18% = 1,83,600
```

விலை வித்தியாசம் 25,000 ரூபாய். வரி வித்தியாசமோ 54,250 ரூபாய். ஆக, அந்தத் திரைக்கும் கேமராவுக்கும் வாங்குபவர் உண்மையில் கொடுப்பது 79,250 ரூபாய். இதோடு, 10 லட்சத்தைத் தாண்டிய காருக்கு விற்பனையாளர் விலையில் 1 விழுக்காட்டை வருமான வரிக் கணக்கில் முன்கூட்டியே கூடுதலாக வசூலிப்பார் என்பதால், இன்னொரு 10,200 ரூபாயும் கைவிட்டுப் போகும். அது டிசிஎஸ் எனப்படும் தொகை. சாலை வரியோடு தொடர்பில்லாதது, வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும்போது ஈடு செய்துகொள்ளக்கூடியது. ஆனால் வண்டியை எடுக்கும் நாளில் பணம் தேவை.

மற்ற எல்லைக்கோடுகள் இவ்வளவு செங்குத்தானவை அல்ல. 5 லட்சத்தைத் தாண்டும்போது வரி ஏறத்தாழ 5,000 ரூபாய் கூடுகிறது. 20 லட்சத்தில் 40,000 ரூபாய். இருசக்கர வாகனத்தில் 1 லட்சத்தைத் தாண்டினால் 2,000 ரூபாய்தான். 10 லட்சத்தில் மட்டும் விகிதம் ஒரே தாவலில் 5 புள்ளிகள் ஏறுவதால், தாண்டிய கணத்தில் 50,000 ரூபாய் கூடுகிறது. பல மாடல்களில் ஏதாவது ஒரு வகையின் விலை 9.99 லட்சத்தில் வந்து நிற்பதற்கு விளம்பர உத்தி மட்டும் காரணம் இல்லை என்பது என் கணிப்பு.

எனவே உங்கள் காரின் விலை இந்தக் கோட்டுக்குச் சற்று மேலே இருந்து, முகவர் தள்ளுபடியும் தருவதாகச் சொன்னால், அந்தத் தள்ளுபடி விலைப்பட்டியலிலேயே கழிக்கப்படுமா, பதிவுக்காக அரசின் ‘வாகன்’ இணையதளத்தில் ஏற்றப்படும் விற்பனைத் தொகை எது என்ற இரண்டு கேள்விகளை முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். பழைய வண்டியைக் கொடுப்பதற்கான போனஸ், பின்னர் வங்கிக் கணக்கில் வரும் ஊக்கத்தொகை ஆகியவை விலைப்பட்டியலில் இடம்பெறாவிட்டால், அவை உங்கள் செலவைக் குறைக்குமே தவிர வரிக்கான அடுக்கை மாற்றாது.

எஞ்சின் அளவு எங்கே வருகிறது?

தமிழ்நாட்டின் கார் அடுக்குகளில் எஞ்சின் அளவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இருந்தும் பெரிய எஞ்சினுக்குச் சாலை வரி அதிகம் என்று மக்கள் சொல்வது பொய்யும் அல்ல. காரணம், படி 1-இல் குறித்துக்கொள்ளச் சொன்ன ஜிஎஸ்டி.

செப்டம்பர் 22, 2025 முதல், நீளம் 4 மீட்டருக்கு மிகாமலும் எஞ்சின் 1,200 சிசிக்கு மிகாமலும் உள்ள பெட்ரோல் காருக்கு ஜிஎஸ்டி 18 விழுக்காடு. டீசலில் இந்த எஞ்சின் வரம்பு 1,500 சிசி. இரண்டு நிபந்தனைகளில் ஒன்று தவறினாலும் 40 விழுக்காடு. மோட்டார் சைக்கிளில் இதே கோடு 350 சிசியில் போடப்பட்டிருக்கிறது. இனி, ஜிஎஸ்டிக்கு முன் 8,00,000 ரூபாய் விலையுள்ள இரண்டு பெட்ரோல் கார்களை எடுத்துக்கொள்வோம். இரண்டும் 4 மீட்டருக்குள் அடங்குபவை, ஒன்றில் 1,197 சிசி எஞ்சின், மற்றதில் 1,497 சிசி.

```
1197 cc: 8,00,000 × 1.18 = 9,44,000; × 13% = 1,22,720
1497 cc: 8,00,000 × 1.40 = 11,20,000; × 18% = 2,01,600
```

தொழிற்சாலைப் பொருளாக இரண்டும் ஒரே மதிப்புடையவை. ஜிஎஸ்டியில் 1,76,000 ரூபாய் வித்தியாசம். அந்த ஜிஎஸ்டியே விலையை 10 லட்சக் கோட்டுக்கு மேல் தூக்கிவிடுவதால், சாலை வரியில் மேலும் 78,880 ரூபாய் வித்தியாசம். ஜிஎஸ்டி எஞ்சினைப் பார்த்துப் போடப்படுகிறது, மாநில அரசு அந்த வரியும் சேர்ந்த விலையைப் பார்த்து வரி போடுகிறது. வரியின் மேல் வரி என்ற புலம்பல் இந்த அளவில் நியாயமானதே.

சிசியை மட்டும் பார்க்கும் நாட்டில்

மலேசியாவில் வழக்கம் நேர் எதிரானது. அங்கே சாலை வரி ஆண்டுதோறும் கட்டப்படுகிறது, எரிபொருளில் ஓடும் காருக்கு விலை கேட்கப்படுவதே இல்லை. தீபகற்ப மலேசியாவில் தனிநபர் பெயரில் உள்ள செடான் காருக்கு, 1,401 முதல் 1,600 சிசி வரை ஆண்டுக்கு 90 ரிங்கிட் என்ற நிலையான தொகை. 1,600-ஐத் தாண்டினால், 1,800 வரை அடிப்படைத் தொகை 200 ரிங்கிட்டாகி, அதற்கு மேலுள்ள ஒவ்வொரு சிசிக்கும் 40 சென் கூடும். 2,500-க்கு மேல் 3,000 வரை அடிப்படை 880 ரிங்கிட், கூடுதல் ஒவ்வொரு சிசிக்கும் 2.50 ரிங்கிட்.

```
1496 cc: 90
1798 cc: 200 + (198 × 0.40) = 279.20
2998 cc: 880 + (498 × 2.50) = 2125
```

எஞ்சின் அளவு ஏறத்தாழ இரண்டு மடங்காகும்போது வரி இருபது மடங்குக்கு மேல் ஏறுகிறது. சிசி என்பது பதிவு ஆவணத்திலேயே அச்சிடப்பட்ட எண். விலையைப் போல அதைக் குறைத்துக் காட்ட முடியாது, பழைய வண்டிக்கும் அது மாறாது. ஆண்டுதோறும் வசூலிக்க ஏற்ற அளவுகோல் அது. பெரிய எஞ்சின் அதிக எரிபொருள் குடிக்கும், அதை வாங்குபவர் வசதியானவராக இருப்பார் என்ற இரண்டு ஊகங்களும் அதற்குள் இருக்கின்றன. ஆனால் டர்போ பொருத்திய 1.5 லிட்டர் எஞ்சின் பழைய 2.5 லிட்டர் எஞ்சினின் ஆற்றலைத் தருகிற காலத்தில், விலையுயர்ந்த கார் ஒன்று 90 ரிங்கிட்டில் தப்பிவிடுகிறது; பத்தாண்டு பழைய பெரிய காரை மலிவாக வாங்கியவர் ஆயிரக்கணக்கில் கட்டுகிறார். மின்காருக்கு சிசியே இல்லை என்பதால், 2026 முதல் அங்கே அதன் வரி மோட்டாரின் கிலோவாட் ஆற்றலைக் கொண்டு கணக்கிடப்படுகிறது.

விலையை அளவுகோலாக வைத்தால் இந்தச் சிக்கல்கள் எழுவதில்லை, பணம் உள்ளவர் அதிகம் கட்டுகிறார். அதன் குறை வேறு: வண்டி விலைகள் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டிருக்க, 10 லட்சம் என்ற கோடு அதே இடத்தில் நின்றால், நேற்று நடுத்தரக் காராக இருந்தது எந்த மாற்றமும் இல்லாமலே இன்று மேல் அடுக்குக்குப் போய்விடுகிறது.

படி 4: விலைத்தாளைச் சரிபார்த்தல்

இப்போது முகவரின் தாளுக்குத் திரும்புவோம். 9,95,000 ரூபாய் காருக்கு “ஆர்டிஓ செலவு” 1,45,000 என்று எழுதியிருந்தால், அதிலிருந்து நீங்கள் கணக்கிட்ட 1,29,350-ஐக் கழியுங்கள், மீதி 15,650. இதில் காருக்கான பதிவுக் கட்டணம் 600 ரூபாய், கடனில் வாங்கினால் அதைப் பதிவுச் சான்றில் குறிக்க 1,500 ரூபாய், அத்துடன் சாலைப் பாதுகாப்பு வரியும் சான்று அட்டைக்கான சிறு தொகையும் அடங்கும். இவையெல்லாம் போக இன்னும் பல ஆயிரம் மிஞ்சினால், அது அரசுக்குப் போகும் பணம் அல்ல. எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் தொகை அங்கேயே குறைந்துவிடும்.

விகிதங்கள் இடையில் மாறக்கூடும் என்பதால், `vahan.parivahan.gov.in` தளத்தில் உள்ள `Know Your MV Tax` பகுதியிலும் உங்கள் கணக்கை ஒப்பிட்டுப் பாருங்கள். பதிவு முடிந்தபின் கிடைக்கும் வரி ரசீதில் உள்ள தொகையை, முகவர் தந்த படிவம் 21 என்னும் விற்பனைச் சான்றோடு வந்த விலைப்பட்டியலின் விலையால் வகுத்தால் 0.13 அல்லது 0.18 என்று உங்கள் அடுக்கின் விகிதம் வர வேண்டும். வராவிட்டால், விலைப்பட்டியலில் உள்ள விலையும் தளத்தில் ஏற்றப்பட்ட விலையும் ஒன்றா என்பதிலிருந்து விசாரணையைத் தொடங்குங்கள்.