பசுமைக்குடிலுக்கு எந்தக் கூரை: பாலித்தீனா, பாலிகார்பனேட்டா, கண்ணாடியா?

ஓசூர் பக்கம் சின்னதாக ஒரு நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறேன். குடில் போடப் போகிறவர்கள் பார்க்க வந்தால் பாதிப் பேர் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, பாலித்தீன் மூணு வருஷத்துல கிழிஞ்சிடும்ங்கறாங்க. ஒரேயடியா பாலிகார்பனேட் போட்டுடலாமா?" நான் பதிலுக்குக் கேட்பேன்: "ஏப்ரல் மத்தியானம் உள்ளே வர்ற சூட்டை எந்த வழியா வெளியே அனுப்பப் போறீங்க?" ஆயுள் கணக்கு அதற்கப்புறம்தான்.

இங்கே ஒரே ஒரு குடிலை எடுத்துக்கொண்டு கடைசி வரை கணக்குப் போட்டுப் பார்ப்போம். 6 மீட்டர் அகலம், 12 மீட்டர் நீளம், அரைவட்ட வளைவு, குடைமிளகாய் நாற்றுக்கு. உங்கள் அளவு வேறாக இருந்தால் எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 1: மூட வேண்டிய பரப்பை அளந்துகொள்ளுங்கள்

தரைப்பரப்பு 6 × 12 = 72 சதுர மீட்டர். கூரை அதைவிட அதிகம். 6 மீட்டர் அகல அரைவட்டத்தின் வளைவு நீளம் 9.4 மீட்டர். அதை 12-ஆல் பெருக்கினால் 113. முன்னும் பின்னும் இரண்டு முகப்புகள் சேர்த்து 28. ஆக 141 சதுர மீட்டர்.

இதை மூடும் பொருளின் எடையையும் போட்டுப் பாருங்கள். 200 மைக்ரான் பாலித்தீன் என்றால் மொத்தமே 26 கிலோ. ஓர் ஆள் தோளில் தூக்கி வந்துவிடலாம். 8 மில்லிமீட்டர் இரட்டைச் சுவர் பாலிகார்பனேட் 210 கிலோ சொச்சம். 4 மில்லிமீட்டர் கண்ணாடி 1,400 கிலோ. அரைவட்டத்தில் கண்ணாடி வளையாது, வீட்டுக் கூரை மாதிரி இரு சரிவாகத்தான் கட்ட வேண்டும், அப்போது பரப்பும் கொஞ்சம் மாறும். இருந்தாலும் எடை இந்த அளவில்தான் நிற்கும். நம் ஊர் ஜி.ஐ. பைப் வளைவுகள் அதைத் தாங்காது. கண்ணாடி என்று முடிவெடுத்தால் சட்டம், அடித்தளம் எல்லாமே வேறு கணக்கு.

படி 2: பகல் வெப்பக் கணக்கு (இதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்)

கோடை உச்சிவெயிலில் ஒரு சதுர மீட்டர் தரையில் சுமார் 900 வாட் விழுகிறது. 72 சதுர மீட்டருக்கு 65 கிலோவாட். புது பாலித்தீன் அதில் ஏறக்குறைய 85 சதவீதத்தை உள்ளே விடுகிறது என்று வையுங்கள், 55 கிலோவாட். ஒரு கிலோவாட் இஸ்திரிப் பெட்டிகள் 55-ஐ ஒரே நேரத்தில் குடிலுக்குள் போட்டுவிட்ட மாதிரி. பாலிகார்பனேட் 80 சதவீதம் விட்டால் 52 பெட்டி. பெரிய வித்தியாசம் இல்லை.

சரி, வெளியே போவது எவ்வளவு? உள்ளே வெளியைவிட 10 டிகிரி சூடு ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டர் பாலித்தீன் வழியாக ஒரு டிகிரிக்கு சுமார் 6.5 வாட் கசியும். 6.5 × 141 × 10 = 9 கிலோவாட் சொச்சம். கண்ணாடியும் கிட்டத்தட்ட இதே கதைதான். 8 மில்லிமீட்டர் பாலிகார்பனேட்டில் நடுவே காற்று அடைபட்டிருப்பதால் 3.3 வாட்தான் கசியும், அதாவது வெறும் 4.7 கிலோவாட்.

55 வருகிறது, 9 போகிறது. மீதியில் ஒரு பங்கைச் செடி நீராவியாக மாற்றி வாங்கிக்கொள்ளும். ஆனால் அந்த நீராவியும் சூடான காற்றும் வெளியேற வழி வேண்டும். சின்ன நாற்றாக இருக்கும்போது இலைப்பரப்பே கிடையாது, செடியும் கை கொடுக்காது. ஆக வேலையைச் செய்வது கூரைப் பொருள் அல்ல, திறப்புகள்தான்: இரு பக்கமும் முழு நீளத்துக்குப் பூச்சி வலை போட்ட ஜன்னல், உச்சியில் ஒரு திறப்பு. உச்சித் திறப்பு இல்லாத குடிலில் மத்தியானம் நுழைந்து கையை மேலே தூக்கிப் பாருங்கள். இடுப்பளவில் ஒரு சூடு, தலைக்கு மேல் வேறொரு சூடு இருக்கும்.

சமவெளியில் பாலிகார்பனேட்டால் வரும் தொல்லை இதுதான். குளிருக்குப் போர்வையாக இருக்கும் அதே குணம் கோடையில் சூட்டை அடைத்து வைக்கிறது. போட்டே தீர வேண்டும் என்றால் பக்கங்களை வலையாக விட்டு மேலே மட்டும் போடுங்கள்.

படி 3: இரவுக் கணக்கு

இப்போது குடிலை அப்படியே ஊட்டிக்குத் தூக்கிக்கொண்டு போவோம். டிசம்பர், ஜனவரியில் அங்கே உறைபனி விழும். வெளியே 2 டிகிரி, உள்ளே 12 வேண்டும். வித்தியாசம் அதே 10 டிகிரி. பாலித்தீன் என்றால் இரவு முழுக்க 9 கிலோவாட் ஹீட்டர் ஓட வேண்டும். பாலிகார்பனேட்டுக்கு அதில் பாதி போதும். இங்கே அந்தப் போர்வை உண்மையிலேயே காசை மிச்சப்படுத்துகிறது.

ஆனால் ஹீட்டரே வைக்கப் போவதில்லை என்றால்? அப்போது எந்தக் கூரையும் விடியும் வரை சூட்டைப் பிடித்து வைக்காது. பாலிகார்பனேட் இரண்டு மூன்று மணி நேரம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். சாதாரண பாலித்தீனில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. தரையிலிருந்தும் இலையிலிருந்தும் வானத்தை நோக்கிப் போகும் வெப்பக் கதிரை அது தடுக்காது, கண்ணாடி தடுக்கும். அதனால் மேகமும் காற்றும் இல்லாத இரவில் பாலித்தீன் குடிலுக்குள் வெளியைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே குளிர்ந்துவிடுவது உண்டு. மலையில் இருப்பவர்கள் கடையில் 'தெர்மல்' ஷீட் என்று கேட்டு வாங்குங்கள். அந்தக் கதிரைக் குறைக்க அதில் கலவை சேர்த்திருப்பார்கள்.

படி 4: வெளிச்சம்

புதிதில் கண்ணாடியும் பாலித்தீனும் 90 சதவீதத்தை ஒட்டி நிற்கும். நான் மேலே 85 என்று போட்டது பைப் நிழலையும் தூசியையும் கழித்துவிட்டு. பாலிகார்பனேட்டில் இரண்டு சுவர் இருப்பதால் புதிதிலேயே 80 பக்கம்தான்.

நெதர்லாந்துக்காரர்கள் மட்டும் ஏன் கண்ணாடிக் குடில் போடுகிறார்கள் என்பதற்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே வெளிச்சமே பஞ்சம். ஒரு சதவீத வெளிச்சம் குறைந்தால் ஒரு சதவீத மகசூல் போச்சு என்பது அங்குள்ள தக்காளிக்காரர்களின் கணக்கு. கண்ணாடி 25 ஆண்டு ஆனாலும் கழுவினால் பழையபடி தெளிந்துவிடும். நமக்கோ ஏப்ரலில் வெளிச்சம் மிஞ்சிக் கிடக்கிறது, உள்ளே நிழல்வலை இழுத்து மூடுகிறோம். பெங்களூரு லால்பாக்கில் 1889-இல் கட்டிய கண்ணாடி மாளிகையை ஒருமுறை போய்ப் பாருங்கள், அழகு. நாற்று விற்றுப் பிழைப்பவனுக்கு அது ஆகாது.

நமக்கு வெளிச்சத்தின் அளவைவிட அது எப்படி விழுகிறது என்பதுதான் முக்கியம். குடிலுக்குள் தரைக்கு ஒரு மீட்டர் மேலே கையை நீட்டுங்கள். விரல் விரலாக நிழல் தெரிந்தால் அது தெளிவான ஷீட். மேல் இலை வெயிலில் கருகும், கீழ் இலை இருட்டில் கிடக்கும். நிழல் மங்கிக் கரைந்து போனால் அது ஒளியைச் சிதறவிடும் ஷீட். கடையில் 'டிஃப்யூஸ்டு' என்றால் தெரியும். கோடை கடுமையான இடத்துக்கு அதையே வாங்குங்கள்.

படி 5: ஆயுளும் காசும்

புற ஊதாத் தடுப்பு சேர்த்த 200 மைக்ரான் பாலித்தீன் நம் வெயிலில் 3 ஆண்டு, பக்குவமாக வைத்தால் 4. நல்ல பாலிகார்பனேட் 10 முதல் 15. கண்ணாடி, உடையாத வரை.

கணக்கு இப்படிப் போடுங்கள். பாலித்தீன் ஷீட், ஏற்றும் கூலி இரண்டையும் சேர்த்து ஒரு பங்கு என்று வையுங்கள். 12 ஆண்டில் நான்கு முறை மாற்றினால் நான்கு பங்கு. பாலிகார்பனேட்டுக்கு ஷீட், அலுமினியப் பட்டை, கூலி எல்லாம் சேர்த்து வந்த விலை அந்த நான்கு பங்குக்குள் அடங்குகிறதா? நான் கேட்ட இடங்களில் ஒருமுறைகூட அடங்கவில்லை. ஹீட்டர் செலவு இருந்தால் அதில் மிச்சமாவதையும் சேர்த்துப் பாருங்கள். மலையில் கணக்கு மாறலாம்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஓசூர், தருமபுரி, கோவை மாதிரி இடங்களில் இந்தக் குடிலுக்கு 200 மைக்ரான் டிஃப்யூஸ்டு பாலித்தீன். ஊட்டி, கொடைக்கானலில் சூடேற்றி நாற்று எடுப்பவருக்கு பாலிகார்பனேட். கண்ணாடி, ஆராய்ச்சிக்கூடத்துக்கும் பூங்காவுக்கும்.

படி 6: வாங்கும்போதும் ஏற்றும்போதும்

பாலித்தீனைக் கண்ணால் பார்த்து மைக்ரான் சொல்ல முடியாது. தராசு சொல்லும். ஓரத்தில் 50 சென்டிமீட்டருக்கு 50 சென்டிமீட்டர் துண்டு வெட்டி நகைக்கடைத் தராசில் போடுங்கள். 200 மைக்ரான் என்றால் 46 கிராம் இருக்க வேண்டும். 35 காட்டினால் அது 150 மைக்ரான்தான், கடைக்காரர் என்ன சத்தியம் செய்தாலும் சரி.

காற்று எழும்பாத காலை நேரத்தில் ஏற்றுங்கள். உள்பக்கம் எது என்று ஷீட்டின் ஓரத்திலேயே அச்சடித்திருக்கும். மாற்றிப் போட்டால் உள்ளே பனித்துளி கோத்துச் செடி மேல் சொட்டும். ஆணி அடிக்க வேண்டாம், அலுமினியச் சேனலில் வளைந்த ஸ்பிரிங்கை அழுத்திப் பூட்டுங்கள். ஷீட் முதலில் கிழிவது வெயிலில் காயும் பைப் மேல் படும் கோட்டில்தான். பைப்பின் மேல்புறத்துக்கு வெள்ளை பெயின்ட் அடித்துவிட்டால் அங்கே சூடு குறையும்.

கந்தகமும் குளோரினும் பாலித்தீனுக்கு எமன். புற ஊதாத் தடுப்பை அவை செயலிழக்கச் செய்துவிடும். சாம்பல் நோய்க்காக ஒரு வருஷம் விடாமல் கந்தகம் புகைத்தேன். இரண்டாவது கோடையிலேயே புகைச்சட்டிக்கு நேர் மேலே இருந்த ஷீட் அப்பளம் மாதிரி நொறுங்கியது. மற்ற இடமெல்லாம் அப்போது நன்றாகவே இருந்தது.

பாலிகார்பனேட் போடுகிறவர்களுக்கு மூன்று விஷயம். புற ஊதாத் தடுப்பு பொதுவாக ஒரு பக்கம்தான் பூசியிருக்கும், எந்தப் பக்கம் என்று மேலே ஒட்டிய காகிதத்தில் எழுதியிருக்கும். எனக்கு வேலை செய்த ஆட்கள் இரண்டு பக்கக் காகிதத்தையும் முதலில் உரித்துப் போட்டுவிட்டு ஏற்றினார்கள். இரண்டு ஆண்டில் நான்கு ஷீட் மட்டும் டீத்தண்ணி நிறத்துக்கு மாறியது. அடுத்தது, உள்ளே இருக்கும் குழல்கள் சரிவு வாட்டத்தில் இறங்க வேண்டும். மேல் நுனியை அலுமினிய டேப்பால் அடைத்து, கீழ் நுனிக்கு ஈரம் வடிய விடும் டேப் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் உள்ளே பாசி பிடிக்கும், கழுவவும் வழி கிடையாது. மூன்றாவது, 3 மீட்டர் ஷீட் குளிருக்கும் வெயிலுக்கும் நடுவே 6 மில்லிமீட்டர் வரை நீளும். ஸ்க்ரூவைவிடப் பெரிய துளை போட்டு ரப்பர் வாஷர் வைக்காவிட்டால் துளையைச் சுற்றி விரிசல் விடும்.

படி 7: எப்போது மாற்றுவது

ஏற்றிய அன்றே, கதவோரம் ஷீட்டில் தேதியையும் மைக்ரானையும் மார்க்கரால் எழுதிவிடுங்கள். போனில் ஒரு லக்ஸ் மீட்டர் செயலியை இறக்கிக்கொண்டு, மேகமில்லாத நாளில் பன்னிரண்டு மணிக்குப் போனை மல்லாத்தி வெளியே ஓர் அளவு, நிழல்வலையை ஒதுக்கிவிட்டு உள்ளே ஓர் அளவு எடுங்கள். உள் அளவை வெளி அளவால் வகுத்து அதையும் தேதிக்குப் பக்கத்தில் எழுதுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதையே செய்யுங்கள். 0.85-இல் ஆரம்பித்தது 0.70-க்கு இறங்கினால் முதலில் மேலே தண்ணீர் அடித்து மென்மையான துணியால் துடைத்துப் பாருங்கள். ஓசூர் ரோட்டோரத் தூசி பாதி சேதாரத்துக்குக் காரணமாக இருக்கும். கழுவியும் ஏறவில்லை, பைப் கோட்டில் விரலால் அழுத்தினால் வெள்ளையாகக் கோடு விழுகிறது என்றால், அடுத்த காற்றுக்காலம் வருவதற்குள் புது ஷீட்டுக்குச் சொல்லிவிடுங்கள்.